'டோன் சரியில்லை' என்று திரும்பி வரும் போஸ்ட்டை என்ன செய்வது

தம்பி, உன் மெசேஜைப் படித்தேன். கன்டென்ட் இன்டெர்னாகச் சேர்ந்து மூன்று வாரம், எழுதிய எல்லாமே 'நம்ம பிராண்ட் டோன் இது இல்ல' என்ற ஒற்றை வரியோடு திரும்பி வருகிறது, டோன் என்றால் என்ன என்று கேட்டால் 'ஃப்ரெண்ட்லியா, ட்ரஸ்ட் வர்ற மாதிரி' என்கிறார்கள். அந்தப் பதிலை வைத்து யாராலும் ஒரு வரி எழுத முடியாது, அதனால் அதை விட்டுவிடு. அவர்கள் ஏற்கெனவே போட்டதில் கடைசி நாற்பது போஸ்ட்டை எடுத்து ஒரு நோட்டில் எண்ண ஆரம்பி. வாசிப்பவரை 'நீங்க' என்கிறார்களா, 'நீங்கள்' என்கிறார்களா, 'மக்களே' என்கிறார்களா? வாக்கியத்துக்கு எத்தனை சொல்? ஆச்சரியக்குறியும் எமோஜியும் எத்தனை இடத்தில்? இதைவிட முக்கியம், எந்தச் சொல் ஒரு தடவைகூட வரவில்லை என்பது.

நீ அனுப்பிய மரச்செக்கு எண்ணெய்க்காரர்களின் போஸ்ட்டுகளை நானும் உட்கார்ந்து படித்தேன். 'நீங்க' தான், முழுக்கப் பேச்சுத் தமிழ், ஆறேழு சொல்லில் வாக்கியம் முடிகிறது, ஆச்சரியக்குறி கிடையாது, அநேகமாக ஒவ்வொரு போஸ்ட்டிலும் ஒரு அளவோ நேரமோ இருக்கிறது. 'ஆரோக்கியம்', 'பாரம்பரியம்' இரண்டும் எங்குமே இல்லை. அதாவது செக்கு பக்கத்தில் நின்று எண்ணெய் ஊற்றிக் கொடுப்பவர் வாடிக்கையாளரிடம் பேசுகிற பேச்சு அது.

மார்கழிக்காக நீ எழுதியது இது: "குளிர்காலத்திலும் உங்கள் குடும்பத்தின் ஆரோக்கியத்தைக் காக்கும் பாரம்பரியச் சுவை!" இதன் கீழே ஒரு நெய் கம்பெனியின் பெயரைப் போட்டுப் பார். பொருந்துகிறதா? தேன் கம்பெனிக்கும் பொருந்தும். அங்கேதான் அடி வாங்குகிறாய்.

மார்கழியில் அவர்களுடைய வாடிக்கையாளர் உண்மையில் என்ன கேட்பார்? 'எண்ணெய் கட்டியா வந்திருக்கே, கெட்டுப்போச்சா?' என்பார். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைய ஆரம்பிக்கும், அவ்வளவுதான் விஷயம். அதை அவர்கள் பேச்சில் சொல்லிப் பார்:

"எண்ணெய் உறைஞ்சு போச்சா? கெட்டுப் போகல. 24 டிகிரிக்குக் கீழ போனா அப்படித்தான். பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணில பத்து நிமிஷம் வைங்க. அடுப்புல வைக்க வேண்டாம்."

இன்ஸ்டாகிராமில் கேப்ஷனின் முதல் ஒன்றிரண்டு வரிதான் தெரியும், மீதி 'more' என்பதற்குள் போய்விடும், அதனால்தான் கேள்வி முதலில் வருகிறது. எக்ஸ் தளத்தில் போடுவதாக இருந்தால் இன்னொரு தொல்லை உண்டு. அங்கே சாதாரணக் கணக்குக்கு 280 எழுத்துதான், தமிழில் புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனியாக எண்ணப்படும். 'தமிழ்' நமக்கு மூன்று எழுத்து, அதற்கு ஐந்து. கண்ணால் அளந்து எழுதினால் கடைசி வரி வெளியே தொங்கும்.

இந்த போஸ்ட்டை எழுதும்போது 'உறைஞ்சா சுத்தமான எண்ணெய்னு அர்த்தம்' என்று சேர்க்கக் கை துறுதுறுக்கும், பேச்சுக்கும் கச்சிதமாக ஒட்டும். சேர்க்காதே. பாம் கெர்னல் எண்ணெய் கலந்தாலும் அதுவும் உறையும், ஆக அது சுத்தத்துக்குச் சாட்சி ஆகாது. 'கொலஸ்ட்ரால் குறையும்', 'சுகருக்கு நல்லது' என்பதெல்லாம் இன்னும் ஆபத்து. உணவுப் பொருள் நோயைத் தடுக்கும், குணமாக்கும் என்று விளம்பரம் செய்வது எஃப்எஸ்எஸ்ஏஐ விதிகளுக்கு விரோதம், கம்பெனியின் இன்ஸ்டாகிராம் போஸ்ட்டும் விளம்பரம்தான். 'இன்டெர்ன் எழுதிட்டான்' என்ற சமாதானம் எடுபடாது. ஒரு வரி இந்த ரகமா என்று சந்தேகம் வந்தால் போஸ்ட் போடுமுன் மேலதிகாரியிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கிக்கொள்.

அப்புறம், அதே பேச்சு எல்லா இடத்துக்கும் ஆகாது. 'பாட்டில் ஒழுகி பார்சல் முழுக்க எண்ணெய்' என்று ஒருவர் கமெண்ட் போட்டால் அங்கே 'அச்சச்சோ, பெட்டியும் எண்ணெய்க் குளியல் போட்டுடுச்சா' என்று எழுதாதே, எனக்குத் தெரிந்த ஒரு பையன் இப்படி எழுதி ஒரு மணி நேரத்தில் அந்த ஸ்கிரீன்ஷாட் ஊரெல்லாம் சுற்றியது. 'நீங்க' இருக்கட்டும், சின்ன வாக்கியம் இருக்கட்டும், கிண்டல் மட்டும் வெளியே போக வேண்டும்: "மன்னிச்சுக்கோங்க. ஆர்டர் நம்பரை மெசேஜ்ல அனுப்புங்க, பார்த்துட்டு இன்னைக்கே சொல்றோம்." வேறு பாட்டில் அனுப்புவதாக நீயாக வாக்குக் கொடுக்காதே, அதைச் சொல்லும் அதிகாரம் யாருக்கு என்று முதலில் கேட்டு வை.

திரும்பி வந்த டிராஃப்ட்டுகளை அழிக்காதே. உன் முதல் வரி, அவர்கள் திருத்தியது, கடைசியில் போனது, மூன்றையும் ஒரே பக்கத்தில் வை. வேலை இன்டர்வியூவில் அழகான இருபது போஸ்ட்டைக் காட்டுவதைவிட இப்படி நான்கைக் காட்டி ஏன் மாறியது என்று சொல்வது நன்றாகப் போகும். வெளியாகாத போஸ்ட்டைக் காட்டுவதாக இருந்தால் மட்டும் கம்பெனியிடம் கேட்டுக்கொள். சரி, எண்ணி முடித்த நோட்டை ஒரு போட்டோ எடுத்து அனுப்பு, அடுத்த வாரம் உன் பொங்கல் போஸ்ட்டைப் பார்க்கலாம்.