கடைசி பில் விலையில் பெருக்கினால் இறுதிச் சரக்கிருப்பு வராதா?

கேள்வி: "வாங்கி விற்கும் வியாபாரம். மாதக் கடைசியில் கையில் இருக்கும் எண்ணிக்கையை கடைசி கொள்முதல் பில் விலையால் பெருக்கி இறுதிச் சரக்கிருப்பு போட்டேன். கணக்கைத் தணிக்கை செய்பவர், இது ஃபிஃபோ இல்லை, அடுக்கு அடுக்காகக் காட்டுங்கள் என்கிறார். கொள்முதல் பதிவும் வழங்கல் பதிவும் இருக்கின்றன. அவற்றிலிருந்து அடுக்கை எப்படி எடுப்பது?"

உங்கள் தணிக்கையாளர் சொல்வது சரிதான். ஃபிஃபோ என்றால் முதலில் வந்த சரக்கின் விலையே முதலில் வெளியேறுவதாக வைக்கும் முறை. கடைசி கொள்முதலில் வந்த எண்ணிக்கையைவிடக் கையிருப்பு குறைவாகவோ அதற்குச் சமமாகவோ இருந்தால் மட்டுமே, அதுவும் விலையில் வண்டிக்கூலி சேர்ந்திருந்தால் மட்டுமே, உங்கள் பெருக்கல் பலிக்கும். கையிருப்பு அதைத் தாண்டினால் மீதி அதற்கு முந்தைய பில்லிலிருந்து வந்த சரக்கு. அதற்கு அந்தப் பில்லின் விலைதான் போட வேண்டும்.

ஒவ்வொரு கொள்முதலையும் தனி அடுக்காக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு அடுக்குக்கு மூன்றே விவரங்கள்: வந்த தேதி, மீதமுள்ள எண்ணிக்கை, ஒன்றின் அடக்கவிலை. வழங்கல் வரும்போதெல்லாம் மிகப் பழைய அடுக்கிலிருந்து கழியுங்கள். அது தீர்ந்தால் அடுத்ததற்குப் போங்கள். கிடங்கில் ஆள் உண்மையில் புதுப் பெட்டியை எடுத்துக் கொடுத்திருந்தாலும் பரவாயில்லை. ஃபிஃபோ என்பது விலை நகரும் வரிசையைப் பற்றிய அனுமானம், பெட்டி நகரும் வரிசை அல்ல. (கெட்டுப்போகும் சரக்கில் பெட்டியும் அப்படியே நகர வேண்டும். அது வேறு கவலை.)

ஒரே ஒரு பொருளை எடுத்து ஒரு மாதம் ஓட்டிப் பார்ப்போம். தொடக்க இருப்பு 40, ஒன்று 50 வீதம். 5ஆம் தேதி 100 வந்தது, 52 வீதம். 9ஆம் தேதி 90 வெளியே போனது. முதலில் தொடக்க இருப்பின் 40 முழுதும் தீரும், அது 2000. மீதி 50 இரண்டாம் அடுக்கிலிருந்து 52 வீதம், அது 2600. ஆக அன்று வெளியேறிய சரக்கின் அடக்கம் 4600. இப்போது கையில் 52 விலையில் 50 மட்டும்.

14ஆம் தேதி 60 வந்தது, 55 வீதம். 18ஆம் தேதி 70 போனது. பழைய 50-ம் காலி (2600), புதியதில் 20 போகிறது (1100). அன்றைய அடக்கம் 3700. கையில் 55 விலையில் 40.

22ஆம் தேதி, 18ஆம் தேதி வாங்கிய வாடிக்கையாளர் 10-ஐத் திருப்பி அனுப்புகிறார். நல்ல நிலையில் வந்த சரக்குதான். இதைப் புதுக் கொள்முதல் போல இன்றைய விலைக்கு ஏற்றிவிடக் கூடாது. எந்த அடக்கத்தில் போனதோ அந்த அடக்கத்திலேயே திரும்ப வர வேண்டும். ஆனால் அன்று போனதில் 52-ம் இருந்தது, 55-ம் இருந்தது. நான் எப்போதும் கடைசியாகப் போனது முதலில் திரும்பியதாக வைப்பேன், அதாவது 55. எதை வைத்தாலும் ஒரே வழக்கமாகக் கடைப்பிடியுங்கள். விற்ற விலையில் மட்டும் உள்ளே ஏற்றாதீர்கள். இன்னும் கிடைக்காத லாபம் சரக்குக்குள் புகுந்துவிடும். இப்போது 55 அடுக்கில் 50.

25ஆம் தேதி 50 வந்தது. பில்லில் 54 வீதம். வண்டிக்கூலி தனியாக 100. உங்கள் கணக்கு இங்கேதான் சறுக்கியிருக்க வாய்ப்பு அதிகம். சரக்கை உங்கள் கிடங்கு வரை கொண்டுவரும் செலவு அடக்கத்தில் சேரும். ஆக ஒன்றுக்கு 2 கூடி 56. பில்லில் வியாபாரத் தள்ளுபடி இருந்தால் அது கழியும். திரும்பக் கிடைக்கக்கூடிய வரி சேராது, கிடைக்காத வரி சேரும். கிடங்கு வாடகையும் விற்பனைக்குப் போகும் வண்டிக்கூலியும் சேரவே சேராது.

28ஆம் தேதி 30 போனது. 55 அடுக்கில் இருந்து 1650. மாத முடிவில் 55 விலையில் 20, 56 விலையில் 50. 1100-ம் 2800-ம் சேர்ந்து 3900. உங்கள் முறையில் 70-ஐ 54-ஆல் பெருக்கினால் 3780 வரும். 120 குறைகிறது, அந்த 120 லாபத்திலும் குறையும்.

இந்த 3900-ஐச் சரிபார்க்க ஒரு நேர்வழி உண்டு. உள்ளே வந்த மொத்தம்: 2000, 5200, 3300, 2800, கூட்டினால் 13300. வெளியே போனது: 4600, 3700, 1650, அதில் திரும்பி வந்த 550-ஐக் கழித்தால் 9400. மீதி 3900. இந்தக் கூட்டல் நேர்ப்படாவிட்டால் எங்கோ ஒரு அடுக்கு கிழிந்திருக்கிறது.

பின்னாலிருந்தும் எடுக்கலாம். வழங்கல் ஒவ்வொன்றையும் தொடவே வேண்டாம். கையில் 70 இருக்கிறது. கடைசி கொள்முதலில் 50 எடுங்கள், போதாத 20-ஐ அதற்கு முந்தையதிலிருந்து எடுங்கள். அதே 3900. மாதத்துக்கு ஒருமுறை கணக்கிட்டாலும் ஒவ்வொரு நாளும் கணக்கிட்டாலும் ஃபிஃபோ ஒரே விடை தரும். நிறையிட்ட சராசரி விலை முறையில் அப்படி இருக்காது. விரிதாளில் B பத்தியில் எண்ணிக்கை, C பத்தியில் அடக்கவிலை, தேதி வாரியாகக் கீழ்நோக்கி, தொடக்க இருப்பு 2ஆம் வரியில். `G1`-இல் இறுதி எண்ணிக்கை. `D2`-இல் இதைப் போட்டு கடைசி கொள்முதல் வரி வரை மட்டும் கீழே இழுங்கள்:

```
=MAX(0,MIN(B2,$G$1-SUM(B3:B$100)))
```

ஒவ்வொரு அடுக்கிலும் எத்தனை மீதம் என்று வந்துவிடும். மதிப்புக்கு:

```
=SUMPRODUCT(C2:C99,D2:D99)
```

இவ்வளவு சுலபம் என்றால் முன்னாலிருந்து எதற்கு ஓட்ட வேண்டும் என்று கேட்பீர்கள். கொள்முதல் திருப்பம் வந்தால் சூத்திரம் ஏமாற்றும். 29ஆம் தேதி, 25ஆம் தேதிச் சரக்கில் 10 பழுது என்று விற்றவருக்கே திருப்பி அனுப்பினீர்கள் என்று வையுங்கள். அதைச் சாதாரண வழங்கலாகப் பதிந்தால் பழைய 55 அடுக்கிலிருந்து கழியும், மீதி 10-ம் 50-ம், அதாவது 3350. ஆனால் 56 அடுக்கில் 40-தானே கையில் இருக்கிறது? திருப்பம் எந்தக் கொள்முதலைச் சேர்ந்ததோ அந்த வரியின் எண்ணிக்கையைத்தான் குறைக்க வேண்டும். அப்போது 20-ம் 40-ம், மதிப்பு 3340. இன்னொன்று: விற்றவர் பில் விலையான 540 மட்டும் வரவு வைப்பார். அடுக்கிலிருந்து வெளியேறுவது 560. நடுவில் நிற்கும் 20 வண்டிக்கூலி செலவுக் கணக்குக்குப் போக வேண்டும். மீதி 40-ன் தலையில் ஏற்றினால் அவற்றின் அடக்கம் 56.50 ஆகிவிடும், அது தவறு.

அப்புறம் நான் சூடுபட்ட கதை. ஒரு வியாபாரத்துக்குச் சரக்குப் பதிவு பார்த்துக்கொண்டிருந்தேன். சரக்கு வந்து இறங்கிவிடும், பில் ஒரு வாரம் கழித்து வரும். பில் வந்த நாளில்தான் கொள்முதலைப் பதிவேன். மேலே உள்ள கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 14ஆம் தேதிச் சரக்கின் பில் 20ஆம் தேதி பதிவாகிறது. 18ஆம் தேதி 70 வெளியே போகும்போது பதிவேட்டுக்குத் தெரிந்தது 52 விலையில் 50 மட்டும். மீதி 20-க்கு இருப்பு மைனஸ். பதிவேடு தனக்குத் தெரிந்த கடைசி விலையான 52-ஐப் போட்டு 1040 எழுதிக்கொண்டது. 20ஆம் தேதி பில் பதிவானதும் 60-ம் 3300-ம் உள்ளே வந்தன. அதில் 20-ம் 1040-ம் ஏற்கெனவே போனவை. கையில் 40, மதிப்பு 2260. ஒன்றுக்கு 56.50.

பிடிபட்டதும் அதனால்தான். எந்தப் பில்லிலும் 56.50 என்று ஒரு விலையே இல்லை. ஃபிஃபோவில் ஒவ்வொரு அடுக்கின் விலையையும் ஏதாவது ஒரு பில்லும் அதன் வண்டிக்கூலிச் சீட்டும் சேர்ந்து சாட்சி சொல்ல வேண்டும். சொல்லாத விலை இருப்பில் நின்றால் உடனே தேடுங்கள். தீர்வு: கொள்முதலைச் சரக்கு வந்த தேதியில் பதியுங்கள், பில் வந்த தேதியில் அல்ல. விலை தெரியாவிட்டால் ஆர்டரில் பேசிய விலையை வைத்து, பில் வந்ததும் அந்த அடுக்கையே திருத்துங்கள். அதற்குள் அந்த அடுக்கிலிருந்து போன சரக்கின் அடக்கமும் சேர்ந்து திருந்த வேண்டும், இதைத்தான் பலரும் மறக்கிறார்கள். எண்ணிக்கை எந்த நாளிலாவது மைனஸில் போகிறதா என்று தேதி வாரியாக ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். என் அனுபவத்தில் பாதித் தவறு அங்கேயே தென்படும்.

நேரில் எண்ணும்போது பதிவேட்டில் 70, கையில் 68 என்று வந்தால், முதலில் வழங்கல் சீட்டு ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா என்று பாருங்கள். உண்மையிலேயே குறைந்திருந்தால் 2-ஐயும் பழைய அடுக்கிலிருந்து கழியுங்கள், 110 இழப்பு. அதை விற்ற சரக்கின் அடக்கத்தோடு கலந்து மறைக்காமல் தனியாகக் காட்டினால் தணிக்கையாளரும் கேள்வி கேட்க மாட்டார்.

கடைசியாக, இந்த 3900 அடக்கம்தான், இருப்புநிலைக் குறிப்பில் போகும் தொகை என்று இன்னும் சொல்ல முடியாது. சர்வதேசக் கணக்கியல் தரநிலை ஐஏஎஸ் 2-இன்படி அடக்கம், நிகர விற்பனை மதிப்பு இரண்டில் எது குறைவோ அதுதான் போகும். இதே பொருள் இப்போது 58-க்குத்தான் விலைபோகும், அதை விற்க ஒன்றுக்கு 5 கமிஷன் என்றால் கைக்கு வருவது 53. 70-க்கு 3710. அப்போது 3900-ஐ விட்டு 3710 போட வேண்டும், 190 இழப்பு இந்த மாதமே ஏறும். இந்த ஒப்பீட்டைப் பொருள் வாரியாகச் செய்யுங்கள். ஒரு பொருளின் லாபத்தால் இன்னொரு பொருளின் இழப்பை மூடக் கூடாது.