"உங்களுக்காக மட்டும்" என்று வரும் போனஸ் யாருக்குப் போகிறது? சில கேள்விகள், பதில்கள்

ஒரு பந்தயத் தளத்தில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். எந்த வாடிக்கையாளருக்கு எந்த ஆஃபர், எந்த நாளில், எத்தனை மணிக்கு என்று முடிவுசெய்கிற குழு எங்களுடையது. நிறுவனத்தின் பெயரைக் கேட்காதீர்கள். மற்றதைக் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன், கேட்டுத் தள்ளிவிட்டீர்கள்.

முகில்: அக்கா, ரெண்டு வாரமா ஆப்பையே திறக்கலை. நேத்து நண்பன்கிட்ட போன்ல மேட்ச் பத்திப் பேசினேன், உடனே 1,000க்கு ஃப்ரீ பெட் வந்துடுச்சு. மைக்ல ஒட்டுக்கேட்கிறாங்களா?

ஒட்டுக்கேட்க வேண்டிய அவசியமே இல்லை. நீங்கள் பேசாமல் இருந்திருந்தாலும் அது நேற்று வந்திருக்கும். உங்கள் கணக்கு எங்கள் திரையில் ஒரு வரிசைதான். கற்பனையாக ஒன்றை எழுதிக் காட்டுகிறேன்:

```
last_login_days      14
deposits_prev_30d    11
deposits_last_14d    0
usual_deposit        Fri 18:00-21:00
top_product          slots
net_loss_12m         42000
mails_opened         4 of 5
segment              WINBACK_HIGH
```

மூன்று நாளுக்கு ஒருமுறை வந்துகொண்டிருந்தவர் பதினான்கு நாளாக வரவில்லை என்றால், இவர் கை நழுவுகிறார் என்று மாடல், அதாவது பழைய தரவை வைத்துக் கணிக்கும் நிரல், சொல்லிவிடும். கடைசி வரியில் உள்ள WINBACK என்றால் திரும்ப இழுக்க வேண்டியவர். வழக்கமாகப் பணம் போடுவது வெள்ளி மாலை என்பதால் ஆஃபர் வெள்ளி மாலை கிளம்பும். மெயிலை நீங்கள் திறந்தீர்களா என்பதை அதில் ஒளிந்திருக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்னப் படம் சொல்லிவிடும். நேற்று நீங்கள் மேட்ச் பற்றிப் பேசியது தற்செயல். வெள்ளிக்கிழமை வந்தது தற்செயல் இல்லை.

சந்தேகம் இருந்தால் மெயிலில் உள்ள இணைப்பைத் தட்டாமல் நகலெடுத்து எங்காவது ஒட்டிப் பாருங்கள். `utm_campaign=` என்பதற்குப் பின்னால் `winback`, `reactivation`, `d14` மாதிரி ஏதாவது இருந்தால், அது உங்களுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர். புத்திசாலி நிறுவனங்கள் அங்கே வெறும் எண்ணைப் போட்டுவிடும். எங்கள் இடத்தில் அந்தளவு புத்திசாலித்தனம் இல்லை.

வாசுகி: நான் எப்பவும் இன்காக்னிட்டோலதான் விளையாடுவேன், குக்கியையும் அழிச்சிடுவேன். அப்போ என்னைப் பத்தி எதுவும் தெரியாது, இல்லையா?

பாதி சரி. வேறு தளங்களில் உங்கள் பின்னாலேயே வரும் விளம்பரங்கள் கொஞ்சம் குறையும். ஆனால் விளையாட லாகின் செய்கிறீர்களே! மேலே காட்டிய வரிசையில் இருப்பதெல்லாம் கணக்கோடு சேர்ந்து அவர்களுடைய சர்வரில் இருப்பது. அதைக் குக்கி அழிப்பு தொடாது.

இன்னொரு வழியும் உண்டு. நீங்கள் கொடுத்த மெயில் முகவரியை ஒரு கணக்கீட்டின் மூலம் குறியாக மாற்றி, விளம்பர நிறுவனத்துக்குப் பட்டியலாக ஏற்றுவோம். அங்கேயும் அதே முகவரி அதே குறியாகத்தான் மாறும். இரண்டு குறியும் ஒத்துப்போனால் உங்கள் சமூக ஊடகப் பக்கத்தில் விளம்பரம் தோன்றும். இதில் குக்கிக்கு வேலையே கிடையாது.

குக்கி விஷயத்திலும் ஒன்று. "ஏற்கிறேன்" பொத்தானைத் தொடும் முன்பே தரவு போய்விடுவது நடந்திருக்கிறது. 2023 ஜனவரி 10 முதல் மார்ச் 3 வரை ஸ்கை பெட் என்ற பந்தய நிறுவனத்தின் தளத்தில் அப்படி விளம்பரக் குக்கிகள் ஓடின என்று பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் 2024 செப்டம்பரில் அந்த நிறுவனத்தைக் கண்டித்தது.

கணக்குப்பிள்ளை: சும்மா 1,000 கொடுத்தா நஷ்டம் அவங்களுக்குத்தானே? வாங்கிட்டு வெளியே வந்துடலாமே.

உங்கள் பெயருக்கு ஏற்ற கேள்வி. போட்டுப் பார்த்துவிடுவோம்.

1,000 ஃப்ரீ பெட்டை 2.00 விகிதத்தில் கட்டுகிறீர்கள். ஜெயித்தால் லாபம் 1,000 மட்டும் கைக்கு வரும். கட்டிய 1,000 திரும்பாது. தளத்தின் லாப விளிம்பைக் கழித்தால் ஜெயிக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 48 என்று வையுங்கள். ஆக, 1,000 என்று பெரிய எழுத்தில் போட்ட பரிசு அவர்களுக்குச் சராசரியாக 480தான்.

இப்போது மேலே உள்ள வரிசைக்குப் போங்கள். வருடத்துக்கு 42,000 இழப்பவர், அதாவது மாதம் 3,500. ஆஃபர் அனுப்பினால் இவர் திரும்பி வரும் வாய்ப்பு 15 சதவீதப் புள்ளி கூடும் என்று மாடல் சொன்னால், முதல் மாதத்திலேயே 525 எதிர்பார்க்கலாம். செலவு 480. மூன்று மாதம் தங்கினால் 1,575. மாதம் 200 மட்டும் இழப்பவருக்கு இதே கணக்கைப் போட்டால் முதல் மாதம் 30தான் வரும். அவருக்கு ஏன் 480 செலவழிக்க வேண்டும்? அதனால்தான் அதிகம் இழப்பவருக்குப் பெரிய பரிசும், எப்போதாவது எட்டிப்பார்ப்பவருக்கு "வாருங்கள், காத்திருக்கிறோம்" என்று வெறும் வாசகமும் போகும்.

ஸ்லாட் போனஸ் இதைவிட மோசம். 1,000 போனஸ், எடுப்பதற்கு முன் 35 மடங்கு ஆட வேண்டும் என்றால் 35,000க்குச் சுழற்ற வேண்டும். தளத்தின் பங்கு 4% என்றால் சராசரி இழப்பு 1,400. போனஸும் போய், மேலே 400 உங்கள் பணம். நிறையப் பேர் பாதி வழியிலேயே சைபராகி, "விட்டதைப் பிடிக்க" சொந்தப் பணத்தைப் போடுவார்கள். பிரிட்டனில் 2026 ஜனவரி 19 முதல் 10 மடங்குக்கு மேல் கேட்கக்கூடாது. 10,000க்கு 4% என்றால் 400. போனஸில் 600 மிஞ்சும். ஒரு எண்ணை மாற்றியதில் கணக்கே தலைகீழாகிவிட்டது, பாருங்கள்.

வாங்கிக்கொண்டு வெளியே வருகிறவர்கள் உண்டு. அவர்களுக்கும் ஒரு பெயர் இருக்கிறது, அடுத்த முறை ஆஃபர் போகாது.

அந்த 15 புள்ளி எப்படித் தெரியும் என்றால், நூறு பேரில் பத்துப் பேருக்கு வேண்டுமென்றே எதுவும் அனுப்பாமல் விட்டுவைப்போம். ஆஃபர் போன தொண்ணூறு பேர் எத்தனை சதவீதம் திரும்பினார்கள், போகாத பத்துப் பேர் எத்தனை சதவீதம் என்று பார்ப்போம். அந்தப் பத்தில் சிலர் சத்தமில்லாமல் விளையாட்டையே விட்டுவிடுவார்கள். எங்கள் அறிக்கையில் அவர்கள் "இழப்பு" என்ற தலைப்பின் கீழ் வருவார்கள்.

வெற்றி: நாலு மாசமா ஜெயிச்சுட்டு வர்றேன். தினமும் கட்டுறேன். ஆனா ஆஃபர் நின்னுபோச்சு, ஒரு பந்தயத்துக்கு 50க்கு மேல கட்டவும் விடலை. அதிகம் விளையாடுறவனுக்குத்தானே விஐபி?

இல்லை தம்பி. அவர்கள் அகராதியில் அதிகம் விளையாடுபவர் என்றால் அதிகம் இழப்பவர். நீங்கள் ஜெயித்ததுகூட முக்கியம் இல்லை. நீங்கள் கட்டியபோது இருந்த விகிதத்தையும் ஆட்டம் தொடங்கும்போது இருந்த கடைசி விகிதத்தையும் ஒப்பிடுவார்கள். எப்போதும் நல்ல விகிதத்தில் முன்கூட்டியே கட்டிவிடுகிறீர்கள் என்றால், தோற்றுக்கொண்டிருந்தாலும் உச்சவரம்பு இறங்கிவிடும். ஒரே தரவு உங்களை வெளியே தள்ளுகிறது, இன்னொருவரை உள்ளே இழுக்கிறது.

முன்னாள் விஐபி மேலாளர்: நானும் அந்தத் துறையில் இருந்தவன்தான் மேடம். மாடலுக்கு ரொம்பப் பெருமை கொடுக்கிறீர்கள். எங்கள் இடத்தில் நிஜ வேலை போனில் நடந்தது. பிறந்தநாள், பிடித்த அணி, மனைவி ஊருக்குப் போகிற நாள் எல்லாம் குறிப்பில் எழுதுவோம்.

உண்மை. என் பதில்களில் அது விடுபட்டிருந்தது. யாரைக் கூப்பிடுவது என்று மாடல் சொல்லும், கூப்பிட்டுப் பேசுவது நீங்கள். மனைவி ஊருக்குப் போகும் நாளை எந்தக் குக்கியும் சொல்லாது. வாடிக்கையாளரே நட்பாக நினைத்து உங்களிடம் சொன்னது அது.

ஆனால் போனில் பேசும் அளவுக்கு அவர்கள் எத்தனை பேர்? பிரிட்டனின் சூதாட்ட ஆணையம் சேகரித்த விவரத்தில் ஒரு நிறுவனத்தின் டெபாசிட்டில் 83% விஐபி என்று வைத்திருந்த 2% பேரிடமிருந்து வந்தது. அந்த 2 சதவீதத்தைச் சீக்கிரம் கண்டுபிடித்துக் கொடுப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். விஐபி ஆக்கும் முன் அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது, அவருக்குத் தாங்குமா என்று பார்க்க வேண்டும் என 2020 அக்டோபரில் அங்கே விதி வந்தது. அதனால் எல்லாம் மாறிவிட்டது என்று நீங்கள் தனியே எழுதியிருந்தீர்கள். விஐபி என்ற பெயர்தான் மாறியது என்பது என் கட்சி. இதில் நாம் ஒத்துப்போகப் போவதில்லை.

தமிழ்ச்செல்வி: என் தம்பி விளையாட்டை விட்டுட்டான். கணக்கையும் மூடிட்டான். ஆனாலும் மெசேஜ் வந்துட்டே இருக்கு. என்ன செய்ய?

கணக்கை மூடுவது வேறு, "என்னை விலக்கிவையுங்கள்" என்று சுயவிலக்கு கேட்பது வேறு. மூடிய கணக்கு பல இடங்களில் "பழைய வாடிக்கையாளர்" பட்டியலுக்குத்தான் போகிறது, அதாவது திரும்ப அழைக்க வேண்டியவர்கள் பட்டியலுக்கு. சுயவிலக்கு கேட்டால் அனுப்பக்கூடாதவர்கள் பட்டியலுக்குப் போகும். தம்பி பெயரில் எழுத்தில் அதைக் கேளுங்கள், அவரைப் பற்றி வைத்திருக்கும் தரவின் நகலையும் கேளுங்கள்.

அப்படியும் வந்தால் அனுப்பியவர் யார் என்று பாருங்கள். இணைப்பில் `btag=` என்று இருந்தால் பெரும்பாலும் அது தளம் நேரடியாக அனுப்பியது இல்லை. ஆள் பிடித்துக் கொடுக்கும் இடைத்தரகர் அனுப்பியது. இவர்களில் பலருக்குக் கூலியே நீங்கள் இழப்பதில் ஒரு பங்கு. அவர்கள் கையில் தனிப் பட்டியல் இருக்கும், தளத்தின் விலக்குப் பட்டியல் அங்கே போய்ச் சேர்ந்திருக்காது. அவர்களுக்கும் தனியாக எழுத வேண்டும்.

நகல் கேட்பதில் என்ன கிடைக்கும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். 2021இல் நியூயார்க் டைம்ஸில் ஒரு பிரிட்டன்காரரின் கதை வந்தது. விளையாட்டை நிறுத்தியவர் அவர். சட்டப்படி கேட்டு வாங்கிய கோப்புகளில், அவரை "திரும்ப வெல்ல வேண்டியவர்" என்று குறித்திருந்தார்கள். திரும்பி வந்தால் சுமார் 1,500 டாலர் பெறுவார் என்று ஒரு மாடல் மதிப்பும் போட்டிருந்தது. 2025 ஜனவரியில் லண்டன் உயர் நீதிமன்றம், சூதாட்டத்துக்கு அடிமைப்பட்ட நிலையில் இருந்த இன்னொருவர் தொடுத்த வழக்கில், குக்கிக்கும் விளம்பரத்துக்கும் அவர் பொத்தானை அழுத்திக் கொடுத்த சம்மதம் சட்டப்படி செல்லாது என்றது.

இளமதி: இவ்வளவு தெரிகிறதே, அதே தரவை வைத்து அடிமையாகிறவரைக் கண்டுபிடித்து நிறுத்தலாமே?

கண்டுபிடிக்க முடியும். கார்டு மறுக்கப்படுவது, நள்ளிரவு ஆட்டம், எடுக்கப் போட்ட பணத்தை ரத்துசெய்து மறுபடி ஆடுவது, தோற்ற பத்தாவது நிமிடம் அடுத்த டெபாசிட். எங்கள் இடத்தில் இதற்கும் ஒரு மாடல் இருந்தது, நன்றாகவே வேலை செய்தது. எத்தனை மதிப்பெண் தாண்டினால் நிறுத்துவது என்பதில்தான் சண்டை. அந்த மதிப்பெண் வரம்பைக் கீழே இறக்கினால் எங்கள் சிறந்த வாடிக்கையாளர் பட்டியலில் பாதி காணாமல் போகும். இரண்டு பட்டியலிலும் அதே பெயர்கள்தான் மேலே இருந்தன.

இன்னொரு சின்ன விஷயமும் உண்டு. ஆஃபர் பட்டியல் மாலை ஐந்து மணிக்குக் கிளம்பும். ஆபத்து மதிப்பெண் இரவு இரண்டு மணிக்குத்தான் புதுப்பிக்கப்படும், அன்று பகலில் நடந்தது எதுவும் ஆஃபர் பட்டியலுக்குத் தெரியாது. வரிசையை மாற்றலாம் என்று நான் ஒருமுறை எழுதிக் கொடுத்தேன். ஐந்து மணிக்கு அனுப்பினால்தான் மெயிலை அதிகம் பேர் திறக்கிறார்கள் என்று பதில் வந்தது.