முகம் மட்டும் இருக்கற போட்டோவ முழு உருவமா மாத்தும்போது தலை ஏன் பெருசா வருது?

கேள்வி: "என்கிட்ட கழுத்து வரைக்கும் தெரியற ஒரு போட்டோ தான் இருக்கு, சட்டை காலர் கொஞ்சூண்டு தெரியுது. படம் வரையற ஏஐ ஸ்டேபிள் டிஃபியூஷன்ல, போட்டோவுக்கு வெளிய மிச்சத்த வரைய வைக்கற அவுட்பெயிண்ட் பண்ணி முழு உருவமா எடுக்கப் பாக்கறேன், ஒவ்வொரு தடவையும் தலையாட்டி பொம்மை மாதிரி வருது, இல்லன்னா மூஞ்சியே மாறிடுது. என்ன பண்ணலாம்?"

ப்ராம்ப்ட்ல "முழு உருவம்"னு எத்தன தடவ எழுதினாலும் இது சரியாகாது, ஏன்னா பிரச்சனை இடத்துல இருக்கு. வளந்த ஒரு ஆள் நிமிந்து நின்னா உச்சந்தலைல இருந்து தாடை வரைக்கும் உள்ள அளவு மாதிரி கிட்டத்தட்ட ஏழரை மடங்கு உயரம் இருப்பாங்க. நீங்க போட்டோவ அப்படியே வச்சுட்டு கீழ மட்டும் கேன்வாஸ நீட்டினா, மூணு நாலு தலைக்குத் தான் இடம் இருக்கும். அதுக்குள்ள கால் வரைக்கும் வரஞ்சாகணும்னா மாடல் உடம்ப நசுக்கித் தான் வைக்கும், வேற வழி இல்ல.

அதனால மொதல்ல தலை சைஸ முடிவு பண்ணுங்க, மத்ததெல்லாம் அப்புறம். உங்க போட்டோ 1000க்கு 1000, அதுல தலை 600 பிக்சல்னு வச்சுக்கலாம். ஸ்டேபிள் டிஃபியூஷனோட எஸ்டிஎக்ஸ்எல் மாடல்ல 768க்கு 1344 கேன்வாஸ் எடுங்க, மேல கீழ 70 பிக்சல் மாதிரி விட்டா ஆளுக்கு 1200 கிடைக்கும், அத ஏழரையால வகுத்தா தலை 160. அப்போ போட்டோவ 27 சதவீதத்துக்கு சுருக்கி மேல நடுவுல வைக்கணும். முடி பம்முனு இருந்தா அத சேக்காம மண்டை எங்க முடியுதுன்னு பாத்து அளங்க, இல்லன்னா ஆள் தேவையில்லாம நெட்டையா வருவாரு. தோள் அகலம் ரெண்டு தலை, அதாவது 320 பிக்சல் பக்கம், ஒல்லியா இருந்தா கொஞ்சம் கம்மி. கால் பிரியற இடம் மொத்த உயரத்துல பாதில வரணும். இந்த அளவுக்கு, ஆள் நிக்கற விதத்த கோடா காட்டற ஒரு ஓபன்போஸ் எலும்புக்கூட போட்டு, மாடல அந்த போஸ்லயே வரைய வைக்கற கன்ட்ரோல்நெட்டுக்குக் குடுத்துட்டு, ப்ராம்ப்ட்ல ஷூவையும் தரையையும் எழுதினீங்கன்னா பாதம் வெட்டுப்படாது.

இப்போ மூஞ்சி மாறுற விஷயம். மாடல் உள்ளுக்குள்ள 8 பிக்சல ஒரு கட்டமா சுருக்கித் தான் வேலை செய்யும், 160 பிக்சல் தலைல ஒரு கண்ணுக்கு அகலவாக்குல மூணு கட்டம் தான் வரும், அதுல சாயல் எங்க நிக்கும்? அதனால இந்த ஸ்டேஜ்ல முகம் கெட்டாலும் கண்டுக்காதீங்க. உடம்பு சரியா வந்ததும் மொத்தப் படத்தையும் 3.75 மடங்கு அப்ஸ்கேல் பண்ணா தலை மறுபடி 600 ஆயிடும், அப்போ உங்க ஒரிஜினல் முகத்த அதே இடத்துல ஒட்டிட்டு, கழுத்தும் காலரும் சேர்ற பட்டைய மட்டும் மாஸ்க் பண்ணி எவ்ளோ மாத்தி வரையணும்ங்கற டீநாய்ஸ 0.3 இல்லன்னா 0.4ல வச்சு, அந்த இடத்த மட்டும் மறுபடி வரையற இன்பெயிண்ட் ஒண்ணு ஓட்டுங்க. மாஸ்க் தாடைய தொடக்கூடாது, தொட்டா தாடை மாறிடும், தாடை மாறினா ஆளே வேற.

செல்ஃபியா இருந்தா இது ஒத்து வராது. கை நீட்டற தூரத்துல எடுத்ததுல மூக்கு பெருசாவும் காது பின்னாடி ஒளிஞ்ச மாதிரியும் இருக்கும், ஆனா ஆள் முழுசா தெரியணும்னா கேமரா மூணு நாலு மீட்டர் தள்ளி இருக்கணும். இந்த முகத்த அந்த உடம்புல வச்சா எது தப்புன்னு சொல்லத் தெரியாது, ஆனா ஒட்டினது தெரியும். அப்போ முகத்த ஒட்டாம, ஒரு படத்த பாத்து அந்த சாயல்ல வரைய வைக்கற ஐபி அடாப்டர்ல ரெஃபரன்ஸா குடுத்து புதுசா வரைய விடறது தான் நல்லது, சாயல் கொஞ்சம் குறையும் அவ்ளோதான்.

உடல்வாகுக்கு கழுத்தப் பாருங்க. தாடை அகலத்துக்குக் கிட்டத்தட்ட கழுத்தும் இருந்தா மெலிஞ்ச தோள் ஒட்டாது. ஆனா ஆள் உயரமா குட்டையான்னு முகம் சொல்லாது, அத யாரோட போட்டோவோ அவங்ககிட்டயே கேட்டுருங்க, இப்படி ஒரு படம் செய்யறதுக்கு சம்மதமான்னும் அப்பவே கேட்டுடலாம்.

நிக்கற விதத்துல பெரும்பாலும் சொதப்பறது ஒத்தக் கால்ல வெயிட் போட்டு நிக்கற போஸ். வெயிட் இருக்கற பக்கம் இடுப்பு ஏறும், அதே பக்கம் தோள் இறங்கும், தொண்டைக்குழில இருந்து நேர் கீழ கோடு போட்டா அந்தக் கால் பாதத்துக்கிட்ட வரணும். வரலன்னா ஆள் சாயற மாதிரியே இருக்கும், எலும்புக்கூட்டுலயே கோடு போட்டு பாத்துட்டா நேரம் மிச்சம்.

துணிக்கு அந்த கொஞ்சூண்டு காலர் தான் சாட்சி. உடம்ப வரைய விடும்போது அத மாஸ்க்குக்கு வெளிய விட்டுட்டு, கலரு, துணி, கோடு போட்டதா கட்டம் போட்டதான்னு அதுல தெரியறத மட்டும் ப்ராம்ப்ட்ல எழுதுங்க. அப்புறம் மூக்கோட நிழல் எந்தப் பக்கம் விழுதுன்னு பாத்துட்டு, சட்டை மடிப்போட நிழலும் காலடி நிழலும் அதே பக்கம் விழுதான்னு செக் பண்ணுங்க. வேற பக்கம்னா ரீடச் பண்ணி மெனக்கெட வேண்டாம், சீட் நம்பர மாத்தி உடம்ப மட்டும் மறுபடி ஓட்டிருங்க.