பாலாடை போட்டால் மட்டும் கறி ஏன் திரைகிறது?

கேள்வி: கடைக் குக்கிங் கிறீம் ஊற்றினால் பட்டர் சிக்கன் வழவழப்பாக வருகிறது. வீட்டுப் பாலாடை போட்டால் திரைந்துவிடுகிறது. ஏன்?

சட்டியைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். வெள்ளை வெள்ளையாக ரவை மாதிரிக் குறுணி தெரிந்தால் திரைந்தது பாலின் புரதம், தக்காளிப் புளிப்பும் சூடும் சேர்ந்து செய்த வேலை அது. குறுணி இல்லாமல் மேலே மஞ்சளாக எண்ணெய் மிதந்தால் கொழுப்புப் பிரிந்திருக்கிறது. பாலாடையில் இரண்டும் ஒன்றாக நடக்கும், ஏனென்றால் ஆடை என்பதே பால் காயும்போது புரதமும் கொழுப்பும் ஒட்டிப் படிந்த தோல்தான். அதை அப்படியே கொதிக்கிற கறியில் போட்டால் கரையாது, கொழுப்பு நெய்யாக உருகி மேலே வரும், மிச்சம் துணுக்குத் துணுக்காகக் கிடக்கும். எங்கள் பக்கத்து எருமைப்பாலில் ஆடை தடிப்பாக விழும் என்பதால் இது இன்னும் நன்றாகவே தெரியும்.

குக்கிங் கிறீமில் பெரும்பாலும் மாச்சத்தோ, பிரியாமல் பிடித்து வைக்கிற வேறு ஏதாவதோ சேர்த்திருப்பார்கள், பெட்டியின் பின்பக்கம் பார்த்தால் தெரியும். அதனால்தான் கொதித்தாலும் தாங்குகிறது. பிரெஷ் கிறீம் இரண்டுக்கும் நடுவில். கொழுப்பு 35 வீதம் அளவில் இருந்தால் நன்றாகத் தாங்கும், 20, 25 என்று இறங்கினால் புளிப்பான கறியில் கவனம் வேண்டும். கொழுப்புக் கூடினால்தான் பிரியும் என்று பலர் நினைக்கிறார்கள், ஆனால் கொழுப்புக் கூடக் கூட திரைவதற்கு அதில் இருக்கும் புரதம் குறைவு. பால்மாவைக் கரைத்து ஊற்றினால் தக்காளிக் கறியில் சட்டென்று திரைவதும் இதனால்தான்.

சரி, பாலாடையிலேயே செய்ய வேண்டுமா? அரைக் கிலோ கோழிக்கு மூன்று மேசைக்கரண்டி ஆடை, கால் கப் குளிர்ந்த பால், ஊறவைத்த கஜு எட்டுப் பத்து. முதலில் கஜுவைப் பாலோடு மையாக அரைத்து, பிறகு குளிர்ந்த ஆடையைப் போட்டு மிக்சியை இரண்டு மூன்று தரம் விட்டு விட்டுச் சுற்றுங்கள், தொடர்ந்து ஓடவிட்டால் வெண்ணெய் திரண்டுவிடும். தக்காளி பச்சை வாடை போய் எண்ணெய் விடும்வரை வதங்கியிருக்க வேண்டும். கறி வெந்ததும் அடுப்பை அணைத்து, கொதி அடங்கியபின் ஒரு அகப்பை குழம்பை இந்தக் கலவையில் விட்டுக் கலக்கி, அதைச் சட்டியில் ஊற்றுங்கள். கட்டித் தேங்காய்ப்பாலைக் கடைசியில் விடுகிற அதே கைப்பழக்கம்தான். தேசிக்காய் பிழிகிற ஆளென்றால் இந்தக் கறியில் வேண்டாம்.

எண்ணெய் மட்டும் பிரிந்திருந்தால் இரண்டு கரண்டி சுடுநீர் விட்டு வேகமாக அடித்துப் பாருங்கள், அநேகமாகச் சேர்ந்துவிடும். குறுணியாகத் திரைந்தது திரும்பி வராது. கோழியை எடுத்துவிட்டுக் குழம்பை மட்டும் கஜுவோடு அரைத்தால் பார்வைக்குச் சமாளிக்கலாம், நாக்கு கண்டுபிடித்துவிடும்.