கதீட்டர் தடுக்கினால் பிரஷரைக் கூட்டாதீர்கள்

கேள்வி: அப்பாவுக்குக் கழுத்தில் துளையிட்டு மூச்சு விடக் குழாய் வைக்கும் டிராக்கியாஸ்டமி செய்து இரண்டு மாதம் ஆகிறது. பத்து நாளைக்கு முன்புதான் வீட்டுக்கு அழைத்து வந்தோம். குழாயின் மேல் 8 என்று போட்டிருக்கிறது. சளி பசை போல வருகிறது, அதை உறிஞ்சும் மெல்லிய கதீட்டர் உள்ளே போகும்போது தடுக்கிறது, நேற்று லேசாக ரத்தக் கோடும் தெரிந்தது. சக்‌ஷன் மெஷின் கொடுத்தவர் 14 நம்பர் கதீட்டர் தந்து, பிரஷரை 200-இல் வைத்து மணிக்கொரு முறை எடுக்கச் சொல்கிறார். அப்படியே செய்யலாமா? எந்த நிலையில் மருத்துவமனைக்கு ஓட வேண்டும்?

பதில்: செய்யக் கூடாது. மெஷின் விற்பவர் சொன்ன மூன்றுமே தவறு. முதலில் பிரஷரை இறக்குங்கள். பெரியவர்களுக்கு 80 முதல் 120 வரை போதும், மெஷினின் பிரஷர் காட்டும் வட்டத்தில் அந்த அளவு மி.மீ. பாதரசம் என்ற வரிசையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 200-இல் வைத்தால் கெட்டிச் சளி வந்துவிடாது; மூச்சுக்குழாயின் ஈரமான உள்தோல்தான் கதீட்டரின் துளைக்குள் இழுபட்டுக் கிழியும். நீங்கள் பார்த்த ரத்தக் கோடு பெரும்பாலும் அதனால் வந்ததே.

அடுத்தது கதீட்டரின் பருமன். அது குழாயின் உள்விட்டத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் சளியோடு நுரையீரலின் காற்றையும் சேர்த்து இழுத்துவிடும், பக்கவாட்டில் புதுக் காற்று நுழைய இடமிருக்காது. கதீட்டர் நம்பரை மூன்றால் வகுத்தால் அதன் பருமன் மி.மீட்டரில் கிடைக்கும். 14 நம்பர் என்பது ஏறத்தாழ 4.7 மி.மீ.; 8 மி.மீ. குழாய்க்கு அது மிகை. 12 நம்பர் சரியாக 4 மி.மீ., அதுவே உங்கள் எல்லை. அந்த 8 என்பது, குழாய்க்குள் கழற்றி மாட்டும்படி இருக்கும் உள்குழலைப் பொருத்திய நிலையில் உள்ள விட்டமா, உள்குழல் இல்லாத நிலையில் உள்ளதா என்பதைக் குழாய் வந்த அட்டைப்பெட்டியில் பாருங்கள். இரண்டாவதானால் 12-ஐவிடச் சிறியது வேண்டும். உபகரணம் வாடகைக்கு விடுபவர்கள் கையிருப்பில் எது இருக்கிறதோ அதையே ‘எல்லாருக்கும் பொருந்தும்’ என்று தலையில் கட்டுவது வழக்கமாகிவிட்டது. மருத்துவமனைகளும் டிஸ்சார்ஜ் தாளில் மருந்துகளை வரிசையாக எழுதிவிட்டு, கதீட்டர் நம்பரை மட்டும் எழுதாமல் அனுப்புகின்றன. ஒரே ஒரு எண்ணை எழுத எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

மணிக்கணக்கில் சக்‌ஷன் எடுப்பதும் வேண்டாம். குழாயில் கரகரவென்று சத்தம் கேட்கும்போதும், சளி குழாயின் வாயில் வந்து நிற்கும்போதும், அப்பா மூச்சுக்குச் சிரமப்படும்போதும் எடுங்கள். அவரே இருமி வெளியே தள்ளிவிட்டால் துடைத்தால் போதும். எவ்வளவு ஆழம் என்பதற்கு, அதே அளவுள்ள மாற்றுக் குழாய் ஒன்றுக்குள் கதீட்டரை நுழைத்து, நுனி மறுபக்கம் அரை முதல் ஒரு செ.மீ. எட்டிப் பார்க்கும் இடத்தில் நிறுத்தி, அப்போது குழாயின் வாயருகே கதீட்டரில் உள்ள கோட்டைக் குறித்து வையுங்கள். அதற்கு மேல் தள்ளக் கூடாது. உள்ளே செலுத்தும்போது உறிஞ்சாமல், வெளியே இழுக்கும்போது மட்டும் கதீட்டரின் வெளிமுனையில் உள்ள துளையைக் கட்டைவிரலால் மூடுங்கள். நுழைத்து எடுக்கும் நேரம் மொத்தமும் பத்துப் பதினைந்து விநாடிக்குள் முடிய வேண்டும். அடுத்த முறைக்கு முன் அவர் மூச்சு நிதானப்படட்டும்.

இனி நீங்கள் கேட்காத, ஆனால் சிக்கலின் வேரான விஷயம். சளி கெட்டியாவதற்குக் காரணம் வறட்சி. மூக்கு நாம் இழுக்கும் காற்றைச் சூடாக்கி ஈரமாக்கித் தருகிறது; உங்கள் அப்பாவுக்கு அந்த வேலையைச் செய்ய இப்போது ஆளில்லை. அதற்காகத்தான் குழாயின் வாயில் மாட்டும் ‘செயற்கை மூக்கு’ இருக்கிறது. அதைத் தினமும் மாற்ற வேண்டும், சளி படிந்தால் உடனே மாற்ற வேண்டும். கழுவி மறுபடி மாட்டுவது தவறு. இவ்வளவு பசையான சளிக்கு அது மட்டும் போதாது. 0.9 சதவீத உப்புநீரை நெபுலைசரில் ஒரு நாளைக்கு எத்தனை முறை, எத்தனை மி.லி. கொடுக்கலாம் என்று உங்கள் மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். நெபுலைசர் வைக்கும்போது செயற்கை மூக்கைக் கழற்றிவிட்டு, முடிந்தபின் சக்‌ஷன் எடுத்தால் சளி இளகி வரும். குழாய்க்குள் நேராக உப்புநீரை ஊற்றிவிட்டு உறிஞ்சும் பழக்கத்தைச் சில உதவியாளர்கள் கற்றுக்கொடுப்பார்கள். அது சளியை ஆழத்துக்குத் தள்ளுவதே அதிகம் என்பதால் வழக்கமாகச் செய்யாதீர்கள்.

கதீட்டர் தடுக்கிறது என்றால் குழாயின் உட்சுவரில் சளி காய்ந்து வளையமாகப் படிந்திருக்கலாம். வெளிக்குழாயின் பட்டையை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு உள்குழலைக் கழற்றி, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து ஒருமுறை உள்ளே பாருங்கள்; மறுமுனை வட்டமாகத் தெரியாமல் பிறைபோலத் தெரிந்தால் விடை கிடைத்துவிட்டது. மாற்று உள்குழலை உடனே போட்டுவிட்டு, இதை மென்மையான பிரஷால், கொதித்து ஆறிய நீரில் கழுவி, உதறிக் காயவிடுங்கள். பிளாஸ்டிக் உள்குழலைக் கொதிக்கவைக்கக் கூடாது. இப்போதைய நிலையில் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும், பாருங்கள். சளி இளகியபின் இடைவெளியைக் கூட்டலாம். உள்குழலே இல்லாத வகைக் குழாயானால், வீட்டில் எதுவும் முயலாமல் இன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

அவசரம் எது? கதீட்டர் போகவே மறுத்து, அப்பா திணறினால் குழாய் அடைத்துவிட்டது, அல்லது இடம் மாறிவிட்டது என்றே கொள்ளுங்கள். கழுத்தும் விலா இடுக்குகளும் உள்ளிழுப்பது, வியர்வை, அமைதியின்மை, விசிலடிப்பது போன்ற சத்தம் ஆகியவை முதலில் வரும்; உதடு நீலமாவதும் விரல் கருவியில் ஆக்சிஜன் எண் சரிவதும் தாமதமாக வரும், எனவே எண்ணுக்காகக் காத்திருக்காதீர்கள். ஒருவர் ஆம்புலன்ஸை அழைக்கட்டும். மற்றவர் குழாயின் வாயில் உள்ள செயற்கை மூக்கு, பேசும் வால்வு, மூடி எல்லாவற்றையும் அகற்றி, உள்குழலைக் கழற்றி, கதீட்டரை நுழைத்துப் பார்க்கட்டும். அப்போதும் போகவில்லையானால், குழாயைச் சுற்றி உள்ளே ஊதியிருக்கும் கஃப் பலூனின் காற்றை இறக்குங்கள், பக்கவாட்டில் மூச்சு போகக்கூடும். அதுவும் பலிக்காமல் அவர் மூச்சடைத்துப் போனால் குழாயையே எடுத்துவிட வேண்டும். துளை பழையதாகிவிட்டதால் உடனே மூடிக்கொள்ளாது. அதே அளவு குழாய் ஒன்றும், ஒரு அளவு சிறியது ஒன்றும் தலைமாட்டில் இருக்க வேண்டும். மாற்றுவதைச் செவிலியர் முன்னிலையில் நீங்கள் செய்து பழகாமல் டிஸ்சார்ஜுக்குக் கையெழுத்துப் போட்டிருந்தால், இந்த வாரமே திரும்பிப் போய்க் கேளுங்கள்.

இதில் ஒரு விதிவிலக்கை விட்டுவிட முடியாது. குரல்வளை முழுவதையும் அகற்றும் அறுவை சிகிச்சை உங்கள் அப்பாவுக்கு நடந்திருந்தால், வாய்க்கும் நுரையீரலுக்கும் தொடர்பே இல்லை. மேலே சொன்ன பக்கவாட்டு மூச்சு அவருக்குக் கிடையாது. அவருக்கு மூச்சுக்கு ஒரே வழி கழுத்துத் துளைதான். பதற்றத்தில் முகத்தில் மாஸ்க் வைத்து ஆக்சிஜன் கொடுத்தால் ஒரு துளியும் உள்ளே போகாது. ஆம்புலன்ஸில் வருபவர் பழக்கத்தில் முதலில் முகத்தைத்தான் தேடுவார். ஆகவே குரல்வளை அகற்றப்பட்டதா இல்லையா என்பதை மருத்துவமனையில் ஒற்றை வரியில் எழுதி வாங்கி, கட்டிலின் தலைப்பக்கச் சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டுங்கள். அவசரத்தில் வருபவரிடம் வாயாலும் சொல்லுங்கள். அகற்றப்படாதவரானால் ஆக்சிஜனை முகத்திலும் கழுத்துத் துளையிலும் சேர்த்தே கொடுக்க வேண்டும்.

ரத்தக் கோட்டுக்கு வருகிறேன். பிரஷரைக் குறைத்து, ஈரப்பதத்தைக் கூட்டியபின் ஓரிரு நாளில் அது நிற்க வேண்டும். நிற்காவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள். ஆனால் கோடாக இல்லாமல் பளிச்சென்ற சிவப்பில் ஒழுகினாலோ, இருமலோடு தெறித்தாலோ, சில நிமிடத்தில் தானாக நின்றுவிட்டாலும் உடனே மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள். குழாய் உரசி நெஞ்சின் பெரிய ரத்தக்குழாய் ஒன்று அரிக்கப்பட்டதன் முதல் அறிகுறியாக அது இருக்கலாம். அடுத்த கசிவு வீட்டில் நிறுத்தக்கூடியதாக இருக்காது. அந்தப் பயணத்தில் கஃப் பலூனின் காற்றை மட்டும் இறக்காதீர்கள்.