நித்திலாவா, மிதிலாவா? பதிவதற்கு முன் போனில் சொல்லிப் பாருங்கள்

கேள்வி: மும்பை செம்பூரில் இருக்கிறோம். பெண் குழந்தை பிறந்து ஐந்து வாரம் ஆகிறது. நித்திலா, யாழினி, ஆதிரை என்று மூன்று பெயரில் வந்து நிற்கிறோம். இங்கே யாரிடம் சொன்னாலும் "க்யா? ஸ்பெல்லிங் போலோ" என்கிறார்கள். என் பெயரும் என் அப்பா பெயரும் S-இல் தொடங்குபவை. பின்னால் தொல்லை தராத பெயர் எது என்று வீட்டிலேயே எப்படிச் சோதித்துப் பார்ப்பது?

முதலில் அவசரத்தை விடுங்கள். பிறப்பைப் பெயர் போடாமலே பதிந்திருப்பீர்கள். பதிவான நாளிலிருந்து 12 மாதத்துக்குள் பெயரைக் கட்டணம் இல்லாமல் சேர்க்கலாம், அதன் பிறகும் 15 வருடம் வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். ஆனால் ஒரு தடவை எழுத்து ஏறிவிட்டால் அதைத் திருத்துவது வேறு கதை. 2023 அக்டோபர் 1-க்குப் பிறகு பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளி சேர்க்கை, பாஸ்போர்ட் என்று எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கு அந்தச் சான்றிதழ்தான் ஆதாரம், அதில் என்ன எழுத்து விழுகிறதோ அதுவே கடைசிவரை கூட வரும். எனவே ஒரு வாரம் ஒதுக்கி மூன்று பெயரையும் போனில் ஓடவிடுங்கள்.

எப்படி என்றால், இந்தப் பெயர்களை இதுவரை கேட்டிராத ஐந்து பேரைப் பிடியுங்கள். தமிழர் வேண்டாம், அல்லது ஒரே ஒருவர் போதும். மற்றவர்கள் மராத்தி, ஹிந்தி, குஜராத்தி பேசுபவர்களாக, உங்கள் ஆபீஸ்காரர், பக்கத்து ஃபிளாட் ஆன்ட்டி, மருந்துக்கடைப் பையன் என்று கலந்து இருக்கட்டும். வாட்ஸ்அப் காலில் கூப்பிடாதீர்கள். இப்போதைய 4ஜி போனிலிருந்து இன்னொரு 4ஜி போனுக்குப் பேசும்போதும் குரல் சுத்தமாக வருகிறது, ஏறக்குறைய 7000 ஹெர்ட்ஸ் வரை உள்ள ஒலி போகிறது, அதில் சோதித்தால் எல்லாப் பெயரும் பாஸ் ஆகிவிடும். பழைய முறை இணைப்பில் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் போகும்; லேண்ட்லைன், கால் சென்டர் எல்லாம் இன்னும் பெரும்பாலும் அப்படித்தான். அதனால் முடிந்தால் ஒரு லேண்ட்லைனுக்குப் பேசுங்கள், இல்லையென்றால் எதிராளி ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு ஸ்டேஷன் வாசலில் நிற்கும் நேரமாகப் பார்த்துப் பேசுங்கள்.

பெயரைத் தனியாகச் சொல்லாதீர்கள், ஒரு சாதாரண வாக்கியத்துக்குள் வைத்து ஒரே ஒரு தடவை சொல்லுங்கள்: "நித்திலா கே நாம் ஸே அப்பாயின்ட்மென்ட் சாஹியே". ஸ்பெல்லிங் சொல்லக்கூடாது. கேட்டதை அப்படியே ஆங்கிலத்தில் டைப் செய்து அனுப்பச் சொல்லுங்கள். மறுநாள் வேறு ஐந்து பேருக்கு நீங்கள் எழுத நினைக்கும் ஸ்பெல்லிங்கை மட்டும் அனுப்பி, அதை வாசித்து வாய்ஸ் நோட் போடச் சொல்லுங்கள். காதில் எப்படி விழுகிறது, கண்ணில் எப்படி விழுகிறது, இரண்டும் தனித்தனித் தேர்வுகள். நம்மவர்கள் பாதிப்பேர் ஒன்றைப் பார்த்துவிட்டு இன்னொன்றை விட்டுவிடுகிறார்கள்.

உங்கள் மூன்று பெயரையும் நானே எனக்குத் தெரிந்த நாலு பேரிடம் சொல்லிப் பார்த்தேன். நித்திலாவுக்கு இரண்டு பேர் Mithila என்று அனுப்பினார்கள், ஒருவர் Nikhila, ஒருவர் Nitila. இதில் மிதிலாவைப் பாருங்கள். 'ம'வும் 'ந'வும் போனில் குழம்பும் என்பது தெரிந்ததுதான், ஆனால் பின்னால் 'அ' வந்தால் அவ்வளவு குழப்பம் இல்லை, 'இ' வந்தால்தான் மோசம். மி, நி இரண்டையும் மூடிய வாயும் பல்லில் பட்ட நாக்கும் பிரிக்கின்றன, அந்தச் சிறிய வித்தியாசம் கம்பியில் கரைந்துவிடுகிறது. கரைந்த இடத்தை எதிராளி தனக்கு ஏற்கெனவே தெரிந்த பெயரால் நிரப்பிக்கொள்கிறார். வடக்கே மிதிலா தெரியாதவர் யார்? நிகிலாவும் அப்படி வந்ததுதான். ஒரு பெயரைச் சோதிக்கும்போது அதைத் தனியாகப் பார்க்காமல், அதற்குப் பக்கத்து வீட்டில் எந்தப் பிரபலமான பெயர் குடியிருக்கிறது என்று பாருங்கள்.

யாழினிக்கு அண்டை வீடு யாமினி. கேட்ட நாலு பேரும் நாலு விதமாக அனுப்பினார்கள்: Yamini, Yalini, Yarini, Yashini. ழகரம் இல்லாத காது அதை எங்கே கொண்டுபோய் உட்காரவைக்கும் என்று சொல்ல முடியாது. கண்ணுக்கு அதைவிட மோசம். Yazhini என்று எழுதிக் காட்டினால் "யாஜ்ஹினி" என்று வாசிக்கிறார்கள், ஏனென்றால் zh என்றால் ழ என்பது நமக்குள் நாம் செய்துகொண்ட ஏற்பாடு, தமிழர் நிறைந்த மாட்டுங்காவைத் தாண்டினால் அது செல்லாது. எழுத்தெழுத்தாகச் சொல்லப் போனால் Z-ஐ ஒருவர் ஜெட் என்பார், ஒருவர் ஜீ என்பார், அது G ஆகிவிடும்.

பிழைகளை எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம், அவை எந்த மாதிரி என்று பாருங்கள். எல்லோரும் ஒரே தவறைச் செய்தால் அந்தப் பெயர் பிழைத்துக்கொள்ளும், ஒரு வாக்கியத்தில் திருத்திவிடலாம்: "மும்பை கா எம் நஹீ, நாக்பூர் கா என்". ஆளுக்கொரு தவறு செய்தால் எதை எதிர்பார்த்துத் திருத்துவது? குழந்தை பெரியவளாகி ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து கடைசி எழுத்துவரை ஒப்பிக்க வேண்டியிருக்கும். இந்தக் கணக்கில் யாழினி பின்தங்குகிறது. எனக்குப் பிடித்த பெயர்தான், என்ன செய்வது.

இப்போது th விவகாரம். தமிழர் நாம் 'த'வுக்கு th போடுவோம், 'ட'வுக்கு t போடுவோம். மராத்தியிலும் ஹிந்தியிலும் t என்றால் த அல்லது ட, th என்றால் மூச்சை விட்டுச் சொல்கிற அழுத்தமான த, ஹிந்தியில் சாப்பாட்டுத் தட்டுக்குச் சொல்வார்களே தாலி, அதன் முதல் எழுத்து. கவிதா நமக்கு Kavitha, அவர்களுக்கு Kavita. எனவே Nithila என்று கொடுத்தால் மும்பையில் அதை அந்த மூச்சு எழுத்தோடு வாசிப்பார்கள், Nitila என்று கொடுத்தால் ஊரில் உங்கள் அத்தை "நிடிலா" என்பார். இரண்டுக்கும் பொதுவான ஸ்பெல்லிங் கிடையாது, தேடாதீர்கள். என் கட்சி th-தான், காரணம் மூச்சு கூடினாலும் பெயர் அடையாளம் தெரிகிறது, த ட ஆகிவிட்டால் பெயரே மாறிவிடுகிறது. Niththila என்று இரண்டு th போடும் ஆசை வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள், அதில் ஒரு h எங்காவது விழுந்துவிடும். என் பெயரிலும் ஒரு th உண்டு. ஒரு வங்கியில் அந்த h-ஐ விட்டுவிட்டு, அது விட்டுப்போனதற்கு என்னிடமே கடிதம் கேட்டார்கள்.

ஆதிரை காதுக்கு மூன்றிலும் சுலபம், தப்பினால் Adhira ஆகும், அவ்வளவுதான். சிக்கல் கடைசி இரண்டு எழுத்தில் இருக்கிறது. Aadhirai என்பதைப் பார்த்த ஒருவர் "ஆதி ராய்" என்று வாசித்து, ராய் குடும்பப் பெயரா என்று கேட்டார். போனில் அப்பாயின்ட்மென்ட் எழுதுபவர் Aadhi Rai என்று இரண்டாகப் பிரித்துவிட்டால், நீங்கள் போய் நிற்கும்போது கம்ப்யூட்டரில் அந்தக் குழந்தையே இருக்காது.

இனிஷியலுக்கு வருவோம், ஆதிரை உண்மையில் மாட்டுவது இங்கேதான். ஊரில் என்றால் S. Aadhirai என்று ஓர் எழுத்தோடு முடிந்தது. மகாராஷ்டிரத்தில் பெயர், அப்பா பெயர், குடும்பப் பெயர் என்று மூன்று கட்டம். நம்மவர் பலர் மூன்றாவது கட்டத்தில் தாத்தா பெயரைப் போட்டு நிரப்புவார்கள். நீங்களும் அப்படிச் செய்தால் வரிசை A, S, S. ஆங்கிலத்தில் அது என்ன என்று நான் விளக்க வேண்டியதில்லை, ஏழாம் வகுப்புப் பையன்கள் விளக்குவார்கள். இங்கே பள்ளிப் பட்டியலிலும் மார்க் ஷீட்டிலும் குடும்பப் பெயரை முதலில் போடும் வழக்கம் வேறு இருக்கிறது, அப்படிப் போட்டால் S, A, S. ஹிந்தியில் சாஸ் என்றால் மாமியார். எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒன்று காத்திருக்கிறது. நித்திலாவுக்கு NSS, SNS. யாழினிக்கு YSS, SYS. இவற்றில் சிரிக்க ஒன்றும் இல்லை. ஆதிரைதான் வேண்டும் என்று மனைவி ஒற்றைக்காலில் நின்றால், தாத்தா பெயரை விட்டுவிட்டு உங்கள் பெயரையே குடும்பப் பெயராகப் போடுங்கள், AS, SA என்று இரண்டு எழுத்தோடு போய்விடும். பாஸ்போர்ட்டிலும் பான் கார்டிலும் இனிஷியலை விரித்துத்தான் எழுத வேண்டும், ஆகவே இந்த முடிவைச் சான்றிதழ் வாங்கும்போதே எடுத்துவிடுங்கள்.

தமிழ் இனிஷியலையும் ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், விடுமுறைக்கு ஊருக்குப் போனால் தேவைப்படும். உங்களுக்கு ஸ, ச என்று போவதால் ஆபத்தில்லை. ஆனால் அப்பா பெயர் 'நா'வில் தொடங்கும் ஒரு வீட்டில் யாழினி என்று வைத்து, "நா. யாழினி" என்று வேகமாகக் கூப்பிட்டபோதுதான் அவர்களுக்கே நாய் குரைத்தது கேட்டது. வீட்டில் கூப்பிடும் பெயரிலும் கவனம் வேண்டும்: குட்டி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தால் விளையாட்டுத் திடலில் மற்ற பிள்ளைகள் காதில் அது பெண் நாயாக விழும்.

மூன்றில் ஒன்றைச் சொல்லுங்கள் என்றால் நான் நித்திலாவைச் சொல்வேன். மிதிலா என்ற ஒரே பெரிய தவறுதான், அதற்கு நாக்பூர் இருக்கிறது. உங்கள் ஐந்து பேரிடம் வேறு மாதிரி வந்தால் அவர்களை நம்புங்கள், என் நாலு பேரை அல்ல.

அப்புறம் ஒன்று. மாநகராட்சி வார்டு அலுவலகத்தில் சான்றிதழ் மராத்தியிலும் ஆங்கிலத்திலும் வரும். ஆங்கில ஸ்பெல்லிங்கை மட்டும் எழுதிக் கொடுத்தால் மராத்தி எழுத்தை அங்கே இருப்பவர் Nithila-வைப் பார்த்துத் தானாகப் போட்டுவிடுவார், மூச்சு எழுத்தோடு. ஒரு மராத்தி தெரிந்தவரை வைத்து இரண்டு வடிவத்தையும் பெரிய எழுத்தில் ஒரு தாளில் அச்சடித்து எடுத்துப் போங்கள். திரையில் ஏற்றியதும், பிரின்ட் கொடுக்கும் முன், திருப்பிக் காட்டச் சொல்லி எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள்.