முதல்முறை வீடு விற்கிறீர்களா? எந்தக் கட்டத்தில் எது கைமாறும்

"கோவையில் 2011-ல் கடன் போட்டு வாங்கிய தனி வீடு. இன்னும் 6 லட்சம் கடன் பாக்கி இருக்கிறது. மகளோடு இருக்கப் போவதால் விற்கிறோம். இதுவரை எதையும் விற்றதில்லை. கையெழுத்துப் போட்ட பிறகு பணம் வராமல் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. விளம்பரம் போடுவதிலிருந்து பத்திரப் பதிவு வரை எதற்குப் பின் எது, எத்தனை நாள் ஆகும்?"

விலை பேசி முடிந்த நாளிலிருந்து இரண்டரை, மூன்று மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் ஆள் கிடைக்க எத்தனை நாள் ஆகும் என்பதை யாராலும் சொல்ல முடியாது. ஆடி மாதத்தில் விளம்பரம் போட்டால் போன் குறைவாகத்தான் வரும். அதைப் பார்த்து விலையை இறக்கிவிடாதீர்கள்.

விளம்பரத்துக்கு முன்பே இரண்டு வாரம் ஒதுக்கி இரண்டு விஷயங்களைப் பாருங்கள். ஒன்று வில்லங்கம். tnreginet.gov.in தளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். உங்கள் கடனுக்காக வங்கி பதிந்த அடமானம் அதில் இருக்கும், அது எதிர்பார்த்ததுதான். அதைத் தவிர வேறு பதிவு ஏதாவது தெரிந்தால் இப்போதே வக்கீலிடம் காட்டுங்கள். இன்னொன்று பட்டா. வீடு வாங்கிய பலர் பெயர் மாற்றாமலே விட்டிருப்பார்கள். பட்டா பழைய உரிமையாளர் பெயரிலேயே கிடக்கும். அதைச் சரிசெய்யச் சில வாரம் பிடிக்கும். வாங்குபவர் கண்டுபிடித்துச் சொல்லும்போது ஓடுவதைவிட முன்பே முடித்துவிடுவது நல்லது. விளம்பரத்திலேயே "கடன் பாக்கி உண்டு, வங்கியில் பத்திரம்" என்று சொல்லிவிடுங்கள். மறைத்தால் இரண்டாவது சந்திப்பில் எப்படியும் தெரிந்துவிடும்.

ஆள் அமைந்து, 70 லட்சத்துக்குப் பேசி முடித்தீர்கள் என்று கொள்வோம். வாங்குபவர் பத்திர நகல்களைத் தன் வக்கீலிடம் காட்ட ஒரு வாரம், பத்து நாள் கேட்பார். கொடுங்கள், ஆனால் நகல் மட்டும். அவருக்குத் திருப்தி என்றதும் கிரய ஒப்பந்தம் போடலாம்.

இந்த ஒப்பந்தத்தில்தான் முதல்முறை விற்பவர்கள் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். தமிழ்நாட்டில் 2012 இறுதியிலிருந்து கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம். பதிவானதும் அது உங்கள் வீட்டின் வில்லங்கத்தில் ஏறிவிடும். வாங்குபவர் நடுவில் காணாமல் போனாலும் அந்தப் பதிவு போகாது. ரத்து செய்ய இருவரும் வந்து கையெழுத்திட வேண்டும். அவர் வராவிட்டால் அடுத்த ஆளிடம் விற்பது பெரும்பாடு. என்னிடம் வந்த ஒருவர் 50,000 ரூபாய் அட்வான்ஸுக்கு இப்படி ஒப்பந்தம் போட்டுவிட்டு, அதை நீக்குவதற்குள் ஒரு வருடம் அலைந்தார். அதனால் அட்வான்ஸ் பத்து சதவீதமாவது இருக்கட்டும். விட்டுவிட்டுப் போக மனம் வராத தொகையாக அது இருக்க வேண்டும். கெடு 90 நாள் என்று தேதி போட்டு எழுதுங்கள். அவருக்கு வங்கிக் கடன் கிடைக்காவிட்டால் அட்வான்ஸில் எவ்வளவு திருப்பித் தருவீர்கள், எத்தனை நாளில் இருவரும் வந்து ரத்துப் பத்திரம் போடுவீர்கள் என்பதையும் எழுதிவிடுங்கள்.

உங்கள் கணக்கில் அட்வான்ஸ் 7 லட்சம். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் வாங்குபவர் ஒவ்வொரு தவணையிலும் 1 சதவீதம் டி.டி.எஸ். பிடித்து வருமானவரித் துறைக்குக் கட்ட வேண்டும். ஆக 6,93,000 ரூபாய்தான் வரும், 7,000 குறைகிறதே என்று சண்டை போடாதீர்கள். ரொக்கமாக மட்டும் வாங்கவே வாங்காதீர்கள். வீட்டு விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் விழலாம், அட்வான்ஸும் இதில் அடக்கம்.

இந்த அட்வான்ஸில் 6 லட்சத்தை அப்படியே கடனுக்குக் கட்டிவிடலாம். வாங்குபவர் தயங்கினால் அந்தத் தொகையை நேராக உங்கள் கடன் கணக்கின் பெயருக்கே காசோலையாகக் கொடுக்கச் சொல்லுங்கள், அவருக்கும் நிம்மதி. கடன் முழுதும் அடைந்த 30 நாளுக்குள் வங்கி அசல் பத்திரங்களைத் திருப்பித் தந்து அடமானப் பதிவை நீக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. 2023 டிசம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது. வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். பத்திரம் கைக்கு வந்தால் மட்டும் போதாது. கடன் தீர்ந்தது என்று வங்கி சார்பில் ரசீது ஆவணம் பதிவாகி வில்லங்கத்தில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பலர் மறப்பது இதைத்தான்.

அதே நேரத்தில் வாங்குபவரின் வங்கி தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். மதிப்பீட்டாளர் வீட்டைப் பார்ப்பார், வங்கி வக்கீல் 30 வருட ஆவணங்களைக் கேட்பார். இதற்கு நாலைந்து வாரம். உங்களிடம் போன் வராமல் அமைதியாக இருக்கும் காலம் இதுதான், பயம் கூடுவதும் இப்போதுதான். வாரம் ஒருமுறை "கடன் எந்த நிலையில் இருக்கிறது" என்று கேட்டுக்கொள்ளுங்கள், போதும். சாவியை மட்டும் "பெயிண்ட் அடிக்க", "பால் காய்ச்ச" என்று யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

அப்புறம் பதிவு நாள். பத்திர வரைவை இரண்டு மூன்று நாள் முன்பே வாங்கிப் படியுங்கள். "முழுத் தொகையையும் பெற்றுக்கொண்டேன்" என்று அதில் ஒரு வரி இருக்கும். நீங்கள் பயப்படுவது இந்த வரிக்குத்தான், பயம் நியாயமானதும்கூட. அதனால் தொகை எப்படி வந்தது என்று டி.டி. எண்ணோடும் வங்கிப் பரிமாற்ற எண்ணோடும் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். உங்கள் கணக்கில் மீதி 63 லட்சம். அதில் டி.டி.எஸ். 63,000 கழியும். வங்கிக் கடன் 50 லட்சம் டி.டி.யாக வரும், வாங்குபவரின் சொந்தப் பணம் 12,37,000. சொந்தப் பணம் அன்று காலையே உங்கள் கணக்கில் ஏறியிருக்க வேண்டும். குறுஞ்செய்தியை நம்பாமல் கணக்கைத் திறந்து பாருங்கள். சாதாரணக் காசோலை வேண்டாம். டி.டி.யை வங்கிப் பிரதிநிதி சார்பதிவாளர் அலுவலகத்துக்கே கொண்டு வருவார். உள்ளே போவதற்கு முன் பெயர், தொகை, தேதியை உங்கள் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

உள்ளே ஆதார், இரண்டு சாட்சிகள், போட்டோ, கைரேகை. "எழுதிக் கொடுத்தது நான்தான்" என்று சார்பதிவாளர் முன் நீங்கள் ஒப்புக்கொண்டால்தான் பதிவு நடக்கும். பணத்தில் ஏதாவது சரியில்லை என்றால் அதற்கு முன் எழுந்து வந்துவிடலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. பதிவு முடிந்ததும் டி.டி. உங்கள் கைக்கு வரும். அசல் பத்திரங்களை வங்கிப் பிரதிநிதியிடம் பட்டியல் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுங்கள். மின்மீட்டரைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, கடைசியாகச் சாவி.

பட்டாவும் மின் இணைப்பும் பெயர் மாறுவது இனி வாங்கியவர் பாடு. உங்களுக்கு மிச்சம் இருப்பது வரி. பிடித்த 70,000 ரூபாயும் உங்கள் பான் எண்ணில் வரவாகியிருக்கிறதா என்று அடுத்த மாத முடிவில் வருமானவரித் தளத்தில் பாருங்கள். 2011-ல் வாங்கிய வீடு என்பதால் லாபத்துக்கு வரி 12.5 சதவீதம், அல்லது பணவீக்கத்துக்கு ஏற்ப வாங்கிய விலையை உயர்த்திக் கணக்கிட்டு 20 சதவீதம். இதில் எது குறைவோ அதுதான் உங்களுக்கு. இரண்டு வருடத்துக்குள் உங்கள் பெயரில் வேறு வீடு வாங்கும் எண்ணம் இருந்தால், பணத்தை வைப்பில் போடும் முன்பே ஆடிட்டரைப் பாருங்கள்.